‘நாம்’ எங்கே, ‘நாங்கள்’ எங்கே? அண்டை வீட்டாருக்கு எழுதிய ஒரு வேண்டுகோளின் இலக்கணம்



ஒரு குறுஞ்செய்தியை மட்டும் இவ்வுரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். நம் மாணவியாக இருந்து இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட ஒருவர், தம் அண்டை வீட்டு அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அது. “எங்கள் பிள்ளைகளின் படங்களைக் குழுவில் பகிர வேண்டாம்” என்பதே அதன் சாரம். எட்டுச் சொற்களுக்குள் அடங்கும் அந்தச் சாரத்தைச் சொல்வதற்கு அவருக்கு நான்கு வரைவுகள் தேவைப்பட்டன. முதல் மூன்றும் ஏன் தவறின, நான்காவது ஏன் பலித்தது என்பதைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு பார்ப்பதே நம் நோக்கம்.

நிகழ்ந்தது இது. அடுக்குமாடிப் புளோக் ஒன்றில் இக்குடும்பம் வாழ்கிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஒரு மாடி மேலே வசிக்கும் அக்கா பணி ஓய்வு பெற்றவர். தாய் வேலையிலிருந்து திரும்பத் தாமதமாகும் நாள்களில் இரு பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் உண்டு, எழுதி, காத்திருப்பார்கள். பொங்கலன்று பிள்ளைகளை எடுத்த இரண்டு படங்களை அக்கா புளோக் குழுவில் போட்டார். அக்குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உண்டு. பலரைத் தாய்க்கு முகம்கூடத் தெரியாது. பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்றாவது படம் வந்தது. பள்ளிச் சீருடையில் மகள், நெஞ்சில் பெயர்ப்பட்டை, பின்னால் சுவரில் புளோக் எண். படத்தின் கீழே அக்கா அன்போடு எழுதியிருந்த வரி: “எங்க குட்டி டாக்டர், தினமும் ஆறே காலுக்கே பஸ்ஸுக்கு ரெடி!”

பெயர், இடம், நேரம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன. தாயின் அச்சத்துக்குக் காரணம் அதுவே. சட்டத்தை நாடவும் அவருக்கு வழியில்லை. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கடமைகளை விதிக்கிறதேயன்றி, தம் சொந்த, குடும்ப வாழ்வின் பொருட்டு ஒருவர் செய்யும் செயலுக்கு அக்கடமைகளை விதிப்பதில்லை. வழியிருந்தாலும், பிள்ளைகளுக்குச் சோறிட்டவர்மீது எவர் முறையிடுவார்? எனவே மிஞ்சிய கருவி மொழி ஒன்றே.

முதல் இரண்டு வரைவுகள்

பொங்கல் படங்களைக் கண்ட இரவில் தாய் முதலில் தட்டச்சு செய்தது இது:

“அக்கா, பிள்ளைங்க படத்தைக் குரூப்ல போடாதீங்க. எங்களுக்குப் பிடிக்கலை.”

அனுப்பும் முன்பே அழித்துவிட்டார், நல்லதே செய்தார். ‘போடாதீங்க’ என்னும் வினையில் மரியாதை விகுதி இருக்கிறது. ஆயினும் அது எதிர்மறை ஏவல். ஏவலில் பன்மை விகுதி சேர்த்தால் ஏவப்படுபவர் உயர்வார்; ஏவல் ஏவலாகவே நிற்கும். மாணவர்கள் பலர் ‘-ங்கள்’ சேர்த்த அளவில் பணிவு வந்துவிட்டதாக எண்ணுகின்றனர். அவ்விகுதி பணிவுக்கு வாயில் மட்டுமே. அடுத்து, ‘பிடிக்கலை’ என்பதற்கு எழுவாய் எங்கே? எது பிடிக்கவில்லை என்பது சொல்லப்படவில்லை. படம் போடுவது பிடிக்கவில்லையா, படம் பிடிக்கவில்லையா, அக்காவே பிடிக்கவில்லையா? எழுவாய் இல்லாத இடத்தைப் படிப்பவர் தம் மனநிலைக்கேற்ப நிரப்பிக்கொள்வார். நேரில் பேசும்போது முகமும் குரலும் அவ்விடத்தை நிரப்பும். திரையில் அவை இல்லை.

முதல் வரைவின் கடுமைக்கு அஞ்சிய தாய், மறு எல்லைக்குச் சென்றார். அவர் அன்றிரவு அனுப்பியது:

“அக்கா, பொங்கல் படம் ரொம்ப அழகா இருக்கு. இந்தக் காலத்துல எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும் இல்லையா? நாம படம் போடறப்ப கொஞ்சம் யோசிச்சுப் போட்டா நல்லது.”

அக்கா உடனே பதில் எழுதினார்: “ஆமாம்மா, காலம் கெட்டுக் கிடக்கு.” கூடவே ஒரு கட்டைவிரல் குறி. பத்து நாளில் சீருடைப் படம் வந்தது.

அக்கா மீது பிழையில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இரண்டாம் வரைவில் உள்ள ‘நாம’ என்னும் ஒரு சொல்லே கேள்வியை விழுங்கிவிட்டது.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்பவரை நீக்கி நிற்பது ‘நாங்கள்’. நம்மோடு வாழும் மலாய் மக்களின் மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதும் இளையோர் இவ்வேறுபாட்டை எளிதில் தவறவிடுகின்றனர். “நாம் யோசித்துப் போட்டால் நல்லது” என்றதும் அது இருவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் பொதுக் கருத்தாகிவிடுகிறது. பொதுக் கருத்துக்கு ‘ஆமாம்’ என்பதே உரிய விடை. அக்கா அதைத்தான் அளித்தார்.

மேலும், அவ்வாக்கியத்தில் ‘படம்’ என்பது எந்தப் படம்? ‘யோசிச்சா நல்லது’ என்பதில் நன்மை யாருக்கு? மூன்றும் பொதுவாக விடப்பட்டன. மறைமொழியில் கேட்பதன் நன்மை, கேட்டவர் பின்வாங்க முடியும் என்பது. அதன் விலை, கேட்கப்பட்டவர் கேட்கப்பட்டதையே உணராமல் போகலாம் என்பது. இங்கு விலை சிறிதன்று. வாட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்பிய ஒன்றை எல்லாரிடமிருந்தும் மீட்டுக்கொள்ள அனுப்பியவருக்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 60 மணி நேரம், அவகாசம் உண்டு. 2022ஆம் ஆண்டில் இவ்வளவு நீட்டப்பட்டது. பொங்கல் இரவில் தெளிவாகக் கேட்டிருந்தால் அவ்விரு படங்களையும் அக்கா அப்போதே எடுத்திருக்க முடியும். தாய் திரும்பக் கேட்கத் துணிந்தபோது அந்த அவகாசம் கடந்துவிட்டது.

மூன்றாவது வரைவு

திங்கட்கிழமை நண்பகலில் சீருடைப் படத்தைக் கண்ட தாய், அன்று மாலை நம்மிடம் காட்டிய வரைவு இவ்வாறு இருந்தது:

“வணக்கம். எங்கள் குழந்தைகளின் புகைப்படங்களை எங்கள் அனுமதியின்றிக் குழுவில் பகிர்வதைத் தவிர்க்குமாறு தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். நன்றி.”

பள்ளித் தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கலாம். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை, கேட்பதும் தெளிவு. ஆயினும் இதை அனுப்பினால் ஒரு மாடி இடைவெளி ஒரு தெரு இடைவெளியாகிவிடும் என்றோம். காரணம் மூன்று.

முதலாவது, மொழி வழக்கின் மாற்றம். தமிழ், எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தனித்தனியே இயங்கும் மொழி. நேற்றுவரை ‘என்னக்கா, சாப்பிட்டீங்களா?’ என்று எழுதியவர் இன்று ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால், சொல்லின் பொருளுக்கு முன்னே வழக்கின் மாற்றம் படிப்பவரை எட்டும். ‘-மாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பது அறிவிப்புப் பலகையின் வாய்பாடு. செய்தியின் வழியாக உறவின் நிலையும் மாறிவிட்டதென்று அக்கா படிப்பார். முறைப்பெயரான ‘அக்கா’வும் இதில் விடுபட்டிருப்பதைக் காண்க.

இரண்டாவது, ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்னும் சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இணையான சொற்கள் வீட்டுக்குள்ளும் புழங்குவன. தமிழில் நெருங்கியவரிடம் ‘தயவுசெய்து’ என்றால் அது கெஞ்சலாகவோ பொறுமையிழந்த எரிச்சலாகவோ ஒலிக்கும். ‘தயவுசெய்து கொஞ்சம் சும்மா இரு’ என்று நாம் எப்போது சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அவ்வாறே செய்தியின் இறுதியில் வரும் ‘நன்றி’, பேச்சு முடிந்தது என்று கதவைச் சாத்தும்.

மூன்றாவது, ‘அனுமதியின்றி’ என்னும் ஒரு சொல். வேண்டுகோளுக்குள் ஒளிந்திருக்கும் குற்றச்சாட்டு அது. ‘பகிர வேண்டாம்’ என்பது நாளை பற்றியது. ‘அனுமதியின்றி’ என்பது நேற்றைப் பற்றியது. அக்கா படத்துக்குப் பதில் சொல்லமாட்டார். அச்சொல்லுக்கே பதில் சொல்வார்: ‘நான் என்ன வேற்றாளா, அனுமதி கேட்க?’

பெனலோப்பி பிரௌன், ஸ்டீஃபன் லெவின்சன் என்னும் இரு அறிஞர்கள் 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு அவர்கள் முதன்மையாகச் சான்று எடுத்த மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் திரட்டிய தரவு அது. அக்கோட்பாட்டின் நடுச்சொல் ‘முகம்’. ஒவ்வொருவருக்கும் இரு விருப்பங்கள் உண்டு என்பர்: தம் செயலில் பிறர் தலையிடலாகாது என்பது ஒன்று, தம்மைப் பிறர் விரும்பி ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. நமக்கு இது புதிய செய்தியன்று. ‘முகத்தில் அடித்தாற்போல் பேசினான்’ என்கிறோம். ‘முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்கிறோம். முதல் வரைவு முகத்தில் அடித்தது. மூன்றாவது முகம் கொடுக்கவில்லை. இடையில் வந்த இரண்டாவதோ, முகத்தாட்சணியத்தால் கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பிவிட்டது.

நான்காவது வரைவு

தாயும் நாமும் அமர்ந்து பேசியபின், அவர் தம் சொந்தச் சொற்களில் எழுதி, அன்றிரவே அக்காவுக்குத் தனியாக அனுப்பியது இது:

“அக்கா, பொங்கலப்ப தம்பி கோலத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற படத்தை எங்கம்மாவுக்கு அனுப்பினேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். பிள்ளைங்க படத்தைப் பெரிய குரூப் எதுலயும் போட வேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கோம். எங்க சொந்தக்காரங்க குரூப்லயும் சொல்லிட்டோம். இன்னைக்குப் போட்ட படத்துல பாப்பா பேரு, நம்ம புளோக் நம்பர், பஸ் நேரம் மூணும் தெரியுது. அவ காலையில தனியா நிக்கிறா, அதான் பயமா இருக்கு. அந்தப் படத்தை நாளைக்குள்ள குரூப்லேர்ந்து எடுத்துட முடியுமாக்கா? எப்படின்னு நான் மேல வந்து காட்டுறேன். இனிமே எடுக்கிற படத்தையெல்லாம் எனக்கே அனுப்புங்க, எனக்கு வேணும்.”

இச்செய்தி முந்தையவற்றைவிட நீளமானது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலை செய்வதால் அந்நீளம் பொறுக்கத்தக்கது. அவற்றுள் நான்கை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ‘போட வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம்’. இங்கும் ‘போட வேண்டாம்’ என்னும் மறுப்பு இருக்கிறது. ஆனால் அது ‘என்று’ என்னும் இடைச்சொல்லுக்குள் அடங்கி, ஒரு முடிவின் உள்ளடக்கமாக வருகிறது. ‘போட’ என்பது செயவென் எச்சம். போடுபவர் யார் என்று அது சொல்வதில்லை. முற்றுவினைக்கு எழுவாய் ‘நாங்க’. ஆக, வாக்கியத்தில் செயல் புரிபவர் பெற்றோரே. அக்கா அதில் குற்றவாளியாக நிற்கவில்லை. முடிவு எடுத்தவர்கள் அக்கா அல்லர் என்பதால் ‘நாங்க’ இங்கு இன்றியமையாதது. ‘நாம’ என்றிருந்தால் அது விவாதத்துக்குரிய கருத்து. ‘நாங்க’ என்பதால் அது எடுக்கப்பட்டுவிட்ட முடிவு. அதே செய்தியில் ‘நம்ம புளோக்’ என்று வருவதையும் நோக்குக. முடிவு எங்களது, வீடும் வாசலும் நம்முடையது. உறவுக்கு ‘நம்ம’, முடிவுக்கு ‘நாங்க’ என்று பிரித்து வைத்ததே இச்செய்தியின் முதுகெலும்பு.

இரண்டாவது, ‘சொந்தக்காரங்க குரூப்லயும்’ என்பதில் உள்ள ‘உம்’. இறந்தது தழுவிய எச்சவும்மை போலத் தோன்றும் இது, அக்காவை உறவினர் வரிசையில் சேர்க்கிறது. ‘உங்களை மட்டும் குறை சொல்லவில்லை’ என்று வெளிப்படையாக எழுதினால், குறை என்னும் சொல் உள்ளே வந்துவிடும். ஓர் உம்மை அதைச் சொல்லாமலே சொல்கிறது. ஒரு கட்டுப்பாடு: இது உண்மையாக இருக்க வேண்டும். உறவினரிடம் சொல்லாமல் சொன்னதாக எழுதினால், அடுத்த திருமணப் படத்தில் குட்டு வெளிப்படும். இத்தாய் அன்று மாலையே உறவினர் குழுவில் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதினார்.

மூன்றாவது, கேட்கப்பட்டது எது என்பது. பொங்கல் படங்களைத் தாய் கேட்கவில்லை. அவற்றை இனி மீட்க இயலாது. செய்ய முடியாததைக் கேட்டால், முடிந்ததும் செய்யப்படாமல் போகும். ‘இன்னைக்குப் போட்ட படம்’, ‘நாளைக்குள்ள’ என்று பொருளும் காலமும் வரையறுக்கப்பட்டன. காரணமும் பொதுவாக ‘காலம் கெட்டுவிட்டது’ என்று நிற்காமல், படத்தில் கண்ணால் காணக்கூடிய மூன்றைச் சுட்டியது. எடுத்துவிடும் வேலைக்கு ‘முடியுமாக்கா’ என்னும் வினா வடிவம் பொருந்துகிறது. அது அக்காவின் கையில் உள்ள செயல், மறுக்கவும் இடமுண்டு.

நான்காவது, இறுதியில் வரும் ‘எனக்கே அனுப்புங்க’. இது நேரடி ஏவல். கேள்வியாக்கிப் பணிவு கூட்டாமல் ஏவலாகவே விட்டது ஏன்? ‘சாப்பிடுங்க’, ‘உட்காருங்க’ என்பவை போல, கேட்பவருக்கு இடம் தரும் ஏவல் தமிழில் உபசாரமாகிறது. ‘குழுவில் போடாதீர்கள்’ என்னும் விலக்கை ‘எனக்கு அனுப்புங்கள்’ என்னும் விதியாகத் திருப்பியதால், அக்காவின் படமெடுக்கும் ஆசைக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது.

விடையும் அதன் பின்னும்

அக்காவின் பதில் அரை மணியில் வந்தது: “ஐயோ, அதை நான் கவனிக்கவே இல்லைம்மா. எனக்கு எடுக்கத் தெரியாது, நீ வா.” தாய் மேலே சென்றபோது அக்காவின் விரல் தவறான இடத்தில் இருந்தது. அழிக்கும்போது வாட்ஸ்அப் இரு தெரிவுகளைக் காட்டும். “Delete for everyone” என்பதை அழுத்தினால் குழுவிலிருந்து படம் நீங்கும். “Delete for me” என்பதை அழுத்தினால் அவருடைய கைப்பேசியிலிருந்து மட்டும் மறையும். குழுவில் மற்றவர்களுக்குப் படம் அப்படியே இருக்கும். அதை மீட்டெடுக்க ஒரு சில நொடிகளே அவகாசம். அது கடந்தால், அனுப்பியவராலும் அப்படத்தைக் குழுவிலிருந்து எடுக்க இயலாது. ‘நான் மேல வந்து காட்டுறேன்’ என்ற வாக்கியம் பணிவுக்காக மட்டும் சேர்த்ததன்று என்பது அப்போது விளங்கியது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எவரேனும் அதற்குள் தம் கைப்பேசியில் சேமித்திருந்தாலோ வேறிடத்துக்கு அனுப்பியிருந்தாலோ அப்படி எஞ்சிய படியை எந்த வாக்கியமும் மீட்காது. அதனாலேயே செய்தி விரைவாகப் போக வேண்டும். விரைவாகப் போவதற்கு அது அனுப்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

செய்தி பலித்ததா என்பதை விடையின் வடிவமே காட்டும். கட்டைவிரல் குறியும் ‘ஆமாம்’ என்பதும் மட்டும் வந்தால், கேட்டது சென்று சேரவில்லை; ஓரிரு நாளில் மறுபடி, இன்னும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். முறைப்பெயர் இல்லாமல், வழக்கத்துக்கு மாறான எழுத்து நடையில் ‘சரி. இனிமேல் போடவில்லை.’ என்று வந்தால், கேட்டது சேர்ந்தது, மனம் நொந்தது. அதற்கு எழுத்தில் விளக்கம் அனுப்புவது மேலும் நோகச் செய்யும், மாடிப்படி ஏறிச் சென்று பேசுவதே தகும். ‘எடுக்கிறேன்’, ‘நீ வா’ என்பன போலச் செயலைக் குறிக்கும் வினை வந்தால் பலித்தது என்று பொருள்.

ஆசிரியர்கள் இந்நான்கு வரைவுகளையும் வகுப்பில் ஒருசேரக் கொடுத்துப் பார்க்கலாம். எது பணிவானது என்று முதலில் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதையே சுட்டுவார்கள். நூல்நடை அவ்வாறு பழக்கியிருக்கிறது. பிறகு ஒவ்வொன்றிலும் முற்றுவினையின் எழுவாயைக் கண்டுபிடித்து அடிக்கோடிடச் சொல்லுங்கள். ‘நாம்’, ‘நாங்கள்’, விடுபட்ட எழுவாய் என்று மூன்று நிறங்களில் அடிக்கோடிட்டபின், அக்காவின் இடத்தில் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதச் சொல்லுங்கள். தன்மைப் பன்மை இரண்டு என்று நூற்பா வழியே கற்றவர்கள், அவ்விரண்டில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு படம் குழுவில் தங்கிவிடும் என்பதை அப்பதில்களில் தாமே காண்பார்கள்.